கோத்தகிரி வகுப்பறையிலிருந்து இங்கிலாந்துப் பள்ளிக்கு: நம் பாடத்திட்ட அனுபவத்தை எப்படி எழுதிக் காட்டுவது

முதல் வருடம் 22 பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றிலிருந்தும் அழைப்பு வரவில்லை. எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட்., கோத்தகிரியிலும் குன்னூரிலுமாக ஐ.சி.எஸ்.இ. வகுப்புகளில் ஒன்பது வருட அனுபவம். இவ்வளவு இருந்தும் ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. அடுத்த வருடம் அதே அனுபவத்தை வேறு விதமாக எழுதினேன். எட்டு விண்ணப்பங்களில் மூன்று நேர்காணல், அதில் ஒரு வேலை. புதிதாக எந்தப் பட்டமும் வாங்கவில்லை. எழுதிய விதம் மட்டும்தான் மாறியது.

இப்போது இங்கிலாந்தின் வடக்கில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, கூடலூரில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கும் ஒரு தோழியின் விண்ணப்பத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து திருத்தினோம். அந்த இரண்டு நாள் வேலையை வரிசைப்படுத்தினால் வருவதுதான் இந்தக் கட்டுரை. இது இங்கிலாந்தில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கானது. வளைகுடா நாடுகளுக்கும் மாலத்தீவுக்கும் போகிறவர்களுக்கு ஆவணங்கள் வேறு, ஆனால் நான்காம் படியும் ஏழாம் படியும் அவர்களுக்கும் உதவும்.

1. எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது

நமக்கு ஜூனில் பள்ளி திறக்கிறது, அங்கே செப்டம்பரில். அங்குள்ள ஆசிரியர்கள் வேலையை விடுவதற்குக் குறிப்பிட்ட கெடு நாட்கள் உண்டு. டிசம்பர் முடிவில் போவதானால் அக்டோபர் 31க்குள் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்குப் போவதானால் பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் முடிவில் போவதானால் மே 31. இடம் காலியாவது இந்தக் கெடுக்களை ஒட்டித்தான். அதனால் செப்டம்பர் வேலைக்கான விளம்பரங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை குவியும்.

நம் ஊரில் அந்த மாதங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வும் விடைத்தாள் திருத்தும் வேலையுமாக இருக்கும். விளம்பரம் வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் விண்ணப்பம் மூடிவிடும். ஆகவே தீபாவளி முடிந்ததுமே ஆவண வேலையைத் தொடங்கி, பொங்கலுக்குள் முடித்து வையுங்கள். விளம்பரங்களை அந்த நாட்டு அரசின் Teaching Vacancies என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு விளம்பரத்திலும் விசாவுக்கு ஸ்பான்சர் செய்வார்களா என்பதை முதலில் பாருங்கள். இல்லை என்று போட்டிருந்தால் அதில் ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்க வேண்டாம்.

2. சான்றிதழ்கள்: இனிஷியலில் தொடங்கும் தொல்லை

நம் ஆட்களுக்கு முதல் முட்டுக்கட்டை பெயர்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஓர் எழுத்து இனிஷியல், பட்டச் சான்றிதழில் இரண்டு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர் வேறு. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள்தான். அங்கே கோப்பைப் பார்க்கிறவருக்கு மூன்று ஆட்கள். என் கோப்பு இதனாலேயே ஐந்து வாரம் நின்றது. எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, ஸ்கேன் செய்து, எல்லா விண்ணப்பங்களோடும் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டுமே பெயர் எழுதுங்கள்.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். நம் பள்ளிகளில் வழக்கமாகத் தருவது நான்கு வரி: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை பணியாற்றினார், நடத்தை நன்று, வாழ்த்துகள். இது அங்கே எதற்கும் உதவாது. என்ன பாடம், எந்த வயதுப் பிள்ளைகள், முழு நேரமா பகுதி நேரமா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, சேர்ந்த நாள், விலகிய நாள் என எல்லாம் அதில் இருக்க வேண்டும். வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய், அலுவலகத்தில் பள்ளி லெட்டர்ஹெட்டில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கும் வேலை மிச்சம்.

க்யூ.டி.எஸ். எனப்படும் தகுதி பெற்ற ஆசிரியர் நிலைக்கு, இந்தியாவில் பயிற்சி பெற்றவர்கள் 2023 பிப்ரவரியிலிருந்து அங்குள்ள கல்வித் துறைக்கு நேரடியாக இணையவழி விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பித்தபோது நம் நாட்டவருக்குக் கணிதம், அறிவியல், மொழிப் பாடங்கள் மட்டும், 11–16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத் தகுதி இருந்தால் மட்டும் திறந்திருந்தது. தளத்தின் தொடக்கத்திலேயே சில கேள்விகள் வரும். அவற்றுக்குப் பதில் சொன்னாலே தகுதி உண்டா என்று தெரிந்துவிடும். இதற்குக் கட்டணம் கிடையாது. இதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

இதில் தாமதம் வருவது நம் பக்கத்திலிருந்துதான். நீங்கள் வேலை பார்த்த பள்ளித் தலைமைக்கு அவர்களே மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையா என்று கேட்பார்கள். தலைமை ஆசிரியரின் சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் சந்தேகம் கிளம்பும். பள்ளியின் பெயரில் உள்ள முகவரியைக் கொடுங்கள். அதைவிட முக்கியம், அந்தப் பெட்டியைத் தினமும் திறக்கிறவர் யார் என்று கேட்டு அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் பழைய பள்ளியில் அந்த மின்னஞ்சல் மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அலுவலக உதவியாளரிடம் தொலைபேசியில் சொன்ன அன்றே பதில் போய்விட்டது.

க்யூ.டி.எஸ். கையில் வரும்வரை வேலைக்கு விண்ணப்பிக்காமல் காத்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்கள் அது இல்லாமலே நான்கு ஆண்டு வரை அங்கே பணியாற்றச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்ற ஒரு வரி, பள்ளிக்குப் பெரிய நிம்மதி.

3. பயோடேட்டாவை ஓரமாக வையுங்கள்

என் 22 விண்ணப்பங்களும் வீணானதற்குப் பாதிக் காரணம் இது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை எல்லாம் போட்ட மூன்று பக்க பயோடேட்டாவை அனுப்பிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் பாதுகாப்பு விதிகளின்படி அங்குள்ள பள்ளிகள் பயோடேட்டாவை மட்டும் வைத்து ஆளெடுப்பதில்லை. பள்ளியின் விண்ணப்பப் படிவத்தையே நிரப்ப வேண்டும். போட்டோவும் சொந்த விவரங்களும் பாரபட்சத்துக்கு இடம் தரும் என்பதால் அவற்றைப் பார்ப்பதையே தவிர்ப்பார்கள்.

படிவத்தில் படிப்பு முடிந்த நாளிலிருந்து இன்றுவரை மாதவாரியாகக் கணக்கு காட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் காரணம் எழுதியே ஆக வேண்டும். பிரசவத்துக்காக வீட்டில் இருந்த பதினான்கு மாதத்தை என் தோழி சும்மா விட்டிருந்தாள். மறைக்க ஒன்றும் இல்லை, யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்த வெற்றிடம் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். குழந்தை வளர்ப்பு என்று ஒரு வரி எழுதினால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

பரிந்துரைக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் இப்போதைய பள்ளித் தலைமையாக இருக்க வேண்டும். நேர்காணலுக்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுவார்கள். எனவே வேலை தேடுவதைத் தலைமையிடம் மறைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. இது சங்கடமான பேச்சுதான். முதலிலேயே பேசிவிடுங்கள்.

4. பாடத்திட்டத்தின் பெயரைச் சொல்லாமல் பிள்ளையைக் காட்டுங்கள்

படிவத்தோடு ஒன்றரை, இரண்டு பக்கத்துக்கு உங்களைப் பற்றிய ஓர் அறிக்கை கேட்பார்கள். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இதில்தான். என் தோழி முதலில் எழுதி வைத்திருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி:

"எட்டு வருடமாக ஸ்டேட் போர்டு ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் ஹேண்டில் செய்கிறேன். ஐந்து முறை சென்டம் ரிசல்ட் கொடுத்திருக்கிறேன். டிசம்பருக்குள் போர்ஷனை முடித்து மூன்று ரிவிஷன் டெஸ்ட் வைப்பேன். மெல்லக் கற்பவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பேன்."

நம் ஊரில் எந்தத் தாளாளர் படித்தாலும் உடனே வேலை கொடுப்பார். அங்கே படிக்கிறவருக்கு இதில் ஒரு வரிகூடப் பிடிபடாது. ஸ்டேட் போர்டு எது என்று தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை வயது என்று தெரியாது. சென்டம் ரிசல்ட் என்பதை அவர்களால் எடைபோடவே முடியாது. நமக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. அங்கே பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் 9 முதல் 1 வரை தரம் போடுகிறார்கள். அதில் 4 சாதாரணத் தேர்ச்சி, 5 வலுவான தேர்ச்சி. ஒரு பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் அவர்கள் தேடுவது. எல்லாரும் பாஸ் என்று சொன்னால், பாஸ் எவ்வளவு எளிது என்றுதான் யோசிப்பார்கள்.

முதலில் வயதை மாற்றி எழுதினோம். நம் ஆறாம் வகுப்பு அவர்களின் இயர் 7. நம் ஒன்பது, பத்து அவர்களின் இயர் 10, 11. அதாவது ஜி.சி.எஸ்.இ. நடத்தும் ஆண்டுகள். பதினொன்று, பன்னிரண்டு என்றால் ஏ லெவல். "14 முதல் 16 வயது வரை, வகுப்புக்கு 42 பேர், வாரத்துக்கு ஆறு பாடவேளை" என்று எழுதியதும் அந்தப் பத்தி உயிர் பெற்றுவிட்டது.

பிறகு அவர்கள் பாடத்திட்டத்தை எடுத்து நம்முடையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஏ.க்யூ.ஏ. போன்ற தேர்வு வாரியங்களின் பாடத்திட்ட ஆவணம் யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதில் மூன்று மதிப்பீட்டு நோக்கங்கள் இருக்கும்: தெரிந்திருப்பது 40 சதவீதம், அதைப் பயன்படுத்துவது 40, தரவை ஆராய்ந்து முடிவு சொல்வது 20. நம் தாள்களில் முதலாவது நிறைய, மூன்றாவது மிகக் குறைவு. இதை மறைத்து எழுதினால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். அந்த மூன்றாவது வகைக்கு உங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைத் தேடி எடுப்பதுதான் வழி.

எனக்குக் கிடைத்தது வெந்நீர். பத்தாம் வகுப்பில் உலோகத்தின் தன்வெப்பத்தைக் கலவை முறையில் அளப்போம் இல்லையா, உலோகத்தைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீருக்குள் விடுவது. புத்தகம் சொல்வதை நம்பிப் பிள்ளைகள் தொடக்க வெப்பநிலையை 100 டிகிரி என்று எழுதினார்கள். விடை புத்தக மதிப்பைவிட ஏறக்குறைய எட்டு சதவீதம் குறைந்து வந்தது. எல்லாக் குழுவுக்கும் குறைவு, ஒருவருக்குக்கூடக் கூடுதல் இல்லை. கை தவறியிருந்தால் சிலருக்குக் கூடியிருக்க வேண்டுமே என்று கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து போய் வெப்பமானியைக் கொதிக்கிற நீரில் விட்டான். 94 காட்டியது. கோத்தகிரி கடல் மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 1,800 மீட்டர். காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் சீக்கிரமே கொதிக்கிறது. 100க்குப் பதில் 94 போட்டுக் கணக்குப் பார்த்ததும் விடை சரியாக உட்கார்ந்தது.

இந்த ஒரு சம்பவத்தை ஆறு வரியில் எழுதினேன். முறையான பிழையையும் தற்செயல் பிழையையும் பிள்ளைகளே பிரித்தறிந்தார்கள் என்று காட்ட வேறு எதுவும் தேவைப்படவில்லை. மூன்று நேர்காணலிலும் இதைப் பற்றித்தான் கேட்டார்கள். மலையில் பாடம் எடுக்கும் யாரிடமும் இப்படி ஒன்று இருக்கும்.

அங்கே தன்வெப்பத்தை வேறு விதமாக அளக்கிறார்கள். துளையிட்ட உலோகக் கட்டைக்குள் மின்சூடேற்றியை வைத்து, செலவான ஆற்றலை ஜூல்மீட்டரில் படிப்பார்கள். இப்படிக் கட்டாயச் செய்முறைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஏ.க்யூ.ஏ.யின் ஒருங்கிணைந்த அறிவியலில் மொத்தம் 21, அதில் இயற்பியலுக்கு 8. அந்த எட்டில் எதை நான் செய்திருக்கிறேன், எதை வேறு முறையில் செய்திருக்கிறேன், எது புதிது என்று மூன்றாகப் பிரித்து ஒரு பத்தி எழுதினேன். அலைத் தொட்டியை வகுப்பில் நான் பயன்படுத்தியதே இல்லை. அதையும் எழுதினேன். தெரியாததைச் சொன்னதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. மாறாக, ஆவணத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள் என்று துறைத் தலைவருக்குப் புரிந்திருக்கிறது. அவரே பின்னால் சொன்னார்.

என் தோழியிடம் இருந்த பெரிய பொக்கிஷம் அவளுக்கே தெரியவில்லை. கூடலூர்ப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், மலையாளம், படுகம், பணியர் மொழி. பள்ளியில் ஆங்கில வழி.

"ஒரு கெமிக்கல் பேரை மூணு பாஷையிலே சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் இங்கிலீஷ்ல எழுத வைப்பேன்க்கா. அதெல்லாம் ஒரு அனுபவமா?" என்று கேட்டாள்.

அதுதான் அனுபவம். ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத பிள்ளைகள் அங்குள்ள நகரப் பள்ளிகளில் ஏராளம். அவர்களுக்கு எப்படிப் பாடம் எடுப்பீர்கள் என்று கேட்காத நேர்காணல் இல்லை. கடைசியில் அவள் பத்தி இப்படி ஆனது:

"14–16 வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு ஆண்டுகளாக வேதியியலும் இயற்பியலும் கற்பிக்கிறேன். ஒரு வகுப்பில் 42 பேர், நான்கு வீட்டு மொழிகள். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் ஆறு கலைச்சொற்களைப் படத்தோடு சுவரில் ஒட்டி, பிள்ளைகள் தங்கள் மொழியில் விளக்கிய பிறகு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுவார்கள். கடந்த ஆண்டு ஜூன் மாதத் தேர்வில் விளக்க வினாவை விட்டுவிட்ட 17 பேரில், டிசம்பரில் 12 பேர் முழு விடை எழுதினார்கள்."

அந்த 17ஐயும் 12ஐயும் அவளுடைய பழைய மதிப்பெண் பதிவேட்டை எடுத்து எண்ணினோம். இதற்காகவே வேலையை விடுவதற்கு முன் உங்கள் பதிவேடுகளிலிருந்து எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயரோ தாளின் புகைப்படமோ எடுத்துப் போக வேண்டாம். அங்கே அதைக் காட்டினால் தனியுரிமையை மதிக்காதவர் என்று ஆகிவிடும்.

ஹேண்டில் செய்தேன், போர்ஷன், டவுட், மக்கப், அவுட் ஆஃப் ஸ்டேஷன் போன்ற நம் பள்ளி ஆங்கிலச் சொற்களையும் தேடித் தேடி எடுத்துவிடுங்கள். டவுட் என்றால் அங்கே உங்கள் பேச்சை நம்பவில்லை என்று பொருள்.

5. நேர்காணல்

பெரும்பாலும் வீடியோவில்தான். இருபது நிமிடப் பாடம் ஒன்றும், அரை மணி நேரக் கேள்விகளும் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், பின் நாலரை. காலை 9.30 என்றால் நமக்கு மாலை 3 மணியா, 2 மணியா என்று எழுதியே கேட்டு வாங்குங்கள். கோடை மழையில் மலையில் மின்சாரம் போவது புதிதல்ல. நான் மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் உட்கார்ந்துதான் பேசினேன்.

பாடத்தில் நீங்கள் பேசும் நேரத்தைப் பார்க்கமாட்டார்கள். பிள்ளைக்குப் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் பதில் காட்டும்படி ஒரு கேள்வி வையுங்கள்.

குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். ஒரு பிள்ளை உங்களிடம், "யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்" என்று ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? நம் ஊரில் நல்ல மனதோடு, சரிம்மா சொல்லமாட்டேன், அழாதே என்போம். அங்கே அந்தப் பதில் சொன்னால் வேலை கிடைக்காது. ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவிக் கேட்கக் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அதற்கென்று பள்ளியில் நியமிக்கப்பட்டவரிடம் அன்றே கொடுக்க வேண்டும். பெற்றோரை நீங்களாக அழைத்து விசாரிக்கக் கூடாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப்பிக்கப்படும் Keeping children safe in education என்ற அரசு ஆவணத்தின் முதல் பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

6. பணம்

வேலை உறுதியான பிறகுதான் பெரிய செலவு. போலீஸ் சான்றிதழை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக எடுக்கலாம், 500 ரூபாய். நீலகிரிக்குக் கோவை மண்டல அலுவலகம். காசநோய்ப் பரிசோதனையை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும் எடுக்க வேண்டும். அந்தச் சான்று ஆறு மாதமே செல்லும் என்பதால் முன்கூட்டி எடுத்துவிடாதீர்கள். 2025 ஏப்ரல் கணக்குப்படி மூன்று வருடத்துக்கு உட்பட்ட விசாவுக்கு 769 பவுண்டு. அதோடு மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்டு, மொத்த வருடங்களுக்கும் முன்கூட்டியே. மூன்று வருடத்துக்கு ஒருவருக்கு 3,874 பவுண்டு. குடும்பம் கூட வந்தால் ஆளுக்குத் தனி. பல பள்ளிகள் இதில் ஒரு பகுதியைத் தருகின்றன. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் எழுத்தில் கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

வேலை வாங்கித் தருவதற்கு ஆசிரியரிடம் பணம் வாங்க அந்த நாட்டுச் சட்டம் ஏஜென்சிகளை அனுமதிப்பதில்லை. சமவெளியில் ஒரு கன்சல்டன்சி என்னிடம் நான்கு லட்சம் கேட்டது. ஸ்பான்சர் சான்றிதழுக்குத்தான் என்றார்கள். அந்தச் செலவு பள்ளியுடையது, உங்களிடம் வாங்கக் கூடாது.

7. முதல் அரைப் பருவம்

செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் கடைசியில் ஒரு வார விடுமுறை வரும். அதுவரையிலான ஏழு வாரம்தான் கடினம்.

நீங்கள் வகுப்புக்குள் நுழையும்போது யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள். உட்கார்ந்தபடியே, "புரியலை மிஸ்" என்பார்கள். அது மரியாதைக் குறைவில்லை. முதல் வாரம் இதை நான் தப்பாக எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவள் அதற்குப் பிறகு மூன்று வாரம் கேள்வியே கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

தலையாட்டலைக் கவனியுங்கள். ஒருவர் விடை சொல்லும்போது நாம் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுவோம், சரி, மேலே சொல் என்ற அர்த்தத்தில். என் பிள்ளைகள் அதைத் தவறு என்று எடுத்துக்கொண்டு சரியான விடையைப் பாதியில் மாற்றினார்கள். ஒரு துணை ஆசிரியர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வாயால் சரி என்று சொல்லப் பழகிவிட்டேன்.

மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது. ரேங்க் கிடையாது. தாளைக் கவிழ்த்துத்தான் மேசையில் வைக்க வேண்டும். நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதும் நடக்காது. பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் வகுப்பு கலைந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையிடமும் சின்ன வெள்ளைப் பலகை இருக்கும். கேள்வி கேட்டு, எண்ணி மூன்று என்றதும் எல்லாரும் தூக்கிக் காட்டுவார்கள். முப்பது விடையும் ஒரே பார்வையில் தெரியும். 42 பேர் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரர்களின் விடையை வைத்தே எல்லாருக்கும் புரிந்தது என்று ஒன்பது வருடம் நம்பியிருந்திருக்கிறேன். இந்தப் பலகை கையில் வந்த பிறகுதான் அது தெரிந்தது.

ஒழுங்குக்கு, குரலை உயர்த்துவது பயன் தராது. எச்சரிக்கை, பெயரைக் குறித்தல், பள்ளி முடிந்து காக்க வைத்தல் என்று படிப்படியான விதிமுறை எழுத்தில் இருக்கும். பாவம் என்று ஒருநாள் விட்டுவிட்டு, கோபம் வந்த நாளில் நேராகக் கடைசிப் படிக்குப் போனால் பிள்ளைகள் அதை அநியாயம் என்பார்கள். அது சரியும்கூட. முதல் மூன்று வாரம் விதிமுறைத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே பின்பற்றுங்கள்.

சக ஆசிரியர்கள் நேரடியாகக் குறை சொல்லமாட்டார்கள். "இப்படிச் செய்து பார்க்கலாமோ என்று தோன்றுகிறது" என்று உங்கள் துறைத் தலைவர் சொன்னால், நாளையிலிருந்து இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதை யோசனை என்று நினைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஆய்வகம். நம் ஊரில் காலையில் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் சொன்னால் மதியத்துக்குள் எடுத்து வைத்துவிடுவார். அங்கே தொழில்நுட்ப உதவியாளருக்கு முன்கூட்டியே படிவம் போக வேண்டும். எந்த வகுப்பு, எத்தனை குழு, என்ன கருவி, ஆபத்து என்ன, அதற்கு என்ன முன்னெச்சரிக்கை என எல்லாம் அதில் எழுத வேண்டும். என் பள்ளியில் அடுத்த வாரத்துக்கான படிவம் வியாழன் மதியத்துக்குள் போக வேண்டும். சேர்ந்த முதல் நாளே உங்கள் பள்ளியில் அது எந்தக் கிழமை என்று கேட்டு நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே அந்த உதவியாளரிடம் ஒருநாள் பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, அலைத் தொட்டியை நீங்களே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.